தைச்சு முடியல

ரஸ்மிதாவின் விரலில் ஊசி இறங்கிய செய்தி கீதாஞ்சலிக்கு மறுநாள்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். போனில், ரஸ்மிதாவோடு வேலை பார்க்கும் சபித்ரி அழுதுகொண்டே பேசினாள். ஒடியாவும் இந்தியும் தமிழும் கலந்து வந்த அந்தப் பேச்சிலிருந்து விஷயத்தைப் பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓவர்லாக் தையல் மிஷினின் ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து, உள்ளே எலும்பில் மாட்டி உடைந்துவிட்டது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள்.

“அவளுக்கு ஜுரம் தீதி. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிச்சு. திரும்பத் திரும்ப சொல்லிச்சு. தைச்சு முடியல, தைச்சு முடியலன்னு. விடல.”

கீதாஞ்சலி டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அந்த இரண்டு சொற்களைக் கேட்டதுமே என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

கீதாஞ்சலி அவிநாசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. மாலை வேளையில், திருப்பூர் அருகே முதலிபாளையத்தில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில் ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அவளைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். கம்பெனியின் கேன்டீனில், ஷிஃப்ட் முடிந்ததும் வகுப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதற்காகக் கம்பெனி ஆரம்பித்தது அது. பெண்களுக்கோ உண்மையிலேயே அது தேவைப்பட்டது. கடையில் சோப்பு வாங்கவும், பஸ்ஸில் இடம் கேட்கவும், தையல் லைனில் சூப்பர்வைசர் கத்துவது எதற்கென்று தெரிந்துகொள்ளவும் அவர்களுக்குத் தமிழ் வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. கேன்டீன் சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகையில் கீதாஞ்சலி ‘தைக்க’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காட்டினாள். தைக்க வேண்டும். தைக்கலாம். தைக்க முடியும்.

“முன்னாடி இருக்கறது மாறவே மாறாது. தைக்க, போக, வர, நிக்க. எல்லாம் ‘அ’ன்னு முடியும். அதுக்குப் பின்னாடி இந்த மூணுல எது வேணுமோ அதைப் போட்டுக்கோங்க. நான், நீ, அவங்க, யாரா இருந்தாலும் இதுதான்.”

வேண்டும் என்ற சொல்லை லைனில் யாரும் அப்படியே சொல்வதில்லை என்பதையும் அவள் மறைக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ‘தைக்கோணும்’ என்பார்கள், தெற்கிலிருந்து வந்தவர்கள் ‘தைக்கணும்’ என்பார்கள், இரண்டும் தைக்க வேண்டும்தான் என்றாள். பெண்கள் சிரித்தார்கள். காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தத்துக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது அவர்களுக்கு.

‘வேண்டும்’ அவர்களுக்குச் சுலபமாக வந்தது. லாமும் வந்தது, ‘போகலாமா?’ என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். ‘முடியும்’ மட்டும் தடுக்கியது. ‘இந்த பண்டல் கனமா இருக்கு’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, தூக்க இயலாது என்பதைச் சொல்லுங்கள் என்றால், ஒருத்தி விடாமல் எல்லோரும் ‘தூக்கி முடியல’ என்றார்கள். திருத்தினாலும் அடுத்த நாள் திரும்பவும் ‘தூக்கி முடியல’தான்.

ஏன் இப்படி என்று கீதாஞ்சலி சபித்ரியிடம் கேட்டாள். சபித்ரி திருப்பூருக்கு வந்து சில வருஷம் ஆனவள், மற்றவர்களைவிடத் தமிழ் தெரிந்தவள். அவள் யோசித்துவிட்டு, தங்கள் பேச்சில் அது அப்படித்தான் என்றாள். செய்ய வேண்டும் என்பதற்கு ‘கரிபாகு ஹேப’ என்பார்களாம். கரிபாகு என்றால் செய்ய. அதனால் அது தமிழோடு ஒத்துப்போனது. ஆனால் என்னால் செய்ய முடியும் என்பதற்கு ‘கரி பாரிபி’. கரி என்றால் செய்து. செய்து முடியும் என்று அவர்கள் நாக்கு தானாகவே போய்விடுகிறது.

தமிழில் அது வேறு கதை. தூக்க முடியல என்றால் இயலவில்லை. தூக்கி முடியல என்றால் தூக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஒன்று, ஆள் நொந்துபோய்ச் சொல்வது. இன்னொன்று, வேலை இன்னும் தீரவில்லை என்று சொல்வது. கேட்கிறவர் காதுக்கு இரண்டும் முழுசாகச் சரியான தமிழ். அதுதான் ஆபத்து. தப்பாக ஒலித்திருந்தாலாவது, என்ன சொல்கிறாய் என்று யாராவது திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இதற்காகவே ஒரு வாரம் ஒதுக்க வேண்டும் என்று கீதாஞ்சலி முடிவு பண்ணினாள். கரும்பலகையில் முடியும், முடியாது, முடியல என்று எழுதிக்கொண்டிருந்தபோது மேனேஜர் சதீஷ்குமார் டீ கிளாஸோடு கேன்டீனுக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க டீச்சர், முடியாதுன்னு சொல்றதுக்கா நாம க்ளாஸ் நடத்தறோம்?”

“அது தெரிஞ்சாத்தானுங்க முடியும்ங்கறதும் ஒழுங்கா வரும்.”

“அதெல்லாம் அவங்களா கத்துக்குவாங்க. செய்யோணும், செய்யலாமா, இந்த ரெண்டும் போதுமுங்க நம்ம வேலைக்கு.”

கீதாஞ்சலி பலகைப் பக்கம் திரும்பி, தூக்கி முடியல, தூக்க முடியல என்று இரண்டையும் எழுதிக் காட்டினாள். இந்தப் பிள்ளைகள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நினைக்கிறார்கள், லைனில் ஒருநாள் இது சிக்கலாகும் என்றாள். சதீஷ்குமார் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“இலக்கணமெல்லாம் உங்க பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குங்க டீச்சர். இங்க எப்படியோ புரிஞ்சா சரி.”

அடுத்த வாரம், வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. அதில் ‘முடியும்’ இல்லை. கீதாஞ்சலிக்கு அன்றைக்கே சுர்ரென்று வந்தது. ஆனாலும் வகுப்பே நின்றுபோனால் பிள்ளைகளுக்கு இதுவும் கிடைக்காது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, சொன்னபடி நடத்தினாள்.

பெண்கள் தங்கியிருந்தது கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய அறைகளில். போன் வந்த அன்று மாலை கீதாஞ்சலி போனபோது ரஸ்மிதா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. முகம் வீங்கியிருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண். வகுப்பில் எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்து, யாரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கிறவள். இப்போது கீதாஞ்சலியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

நடந்ததை சபித்ரிதான் சொன்னாள். காலையிலிருந்தே ரஸ்மிதாவுக்குக் காய்ச்சல், கண் இருட்டியது. தைக்க வேண்டிய துணிகளின் புதுப் பண்டல் வந்து மேஜையில் விழுந்ததும் எழுந்துபோய் சூப்பர்வைசர் ஜெபக்குமாரிடம், தைச்சு முடியலண்ணா என்றாள். அவர், சரிம்மா, முடிச்சிட்டுப் போ என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் போனாள். அதே பதில். கடைசியாகப் போனபோது அவர் பொறுமை இழந்து, அதான் முடிச்சிட்டுப் போன்னு சொல்லியாச்சுல்லா என்று கத்தினார். அவள் வந்து உட்கார்ந்தாள். மிஷினை மிதித்தாள். துணியோடு சேர்த்து விரலும் ஊசிக்கடியில் போய்விட்டது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“விரல் மடங்காதுன்னு சொல்லிச்சு.”

ரஸ்மிதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஒடியாவில், மெதுவாக, கீதாஞ்சலியின் முகத்தைப் பார்த்தபடி பேசினாள். சபித்ரி தமிழில் சொல்லத் தயங்கினாள்.

“என்ன சொல்றா? சொல்லு.”

“அவ கேக்குது… தப்புன்னு தீதிக்குத் தெரியும். அன்னைக்கு போர்டுல எழுதிச்சு. அப்புறம் ஏன் நிறுத்திச்சு?”

மேனேஜர் சொன்னார் என்று சொல்லக் கீதாஞ்சலிக்கு வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மைதான், ஆனால் கட்டுப் போட்ட அந்தக் கைக்கு முன்னால் அது வெறும் சாக்கு. ரஸ்மிதாவின் பக்கத்தில் நகர்ந்து, மெல்லிய குரலில், “தைக்க முடியல” என்றாள். “தைக்க. போக. நிக்க. அதுக்கப்புறம்தான் முடியல.”

ரஸ்மிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் உதடு அசைந்தது.

இரண்டொரு நாளில் சதீஷ்குமாரே போன் பண்ணினார். குரலில் தேன் ஒழுகியது. ஆபீஸில் ஒரு சின்ன மீட்டிங், ஓனர் வருகிறார், அந்தப் பிள்ளையிடம் ஒரு விளக்கம் வாங்க வேண்டும், அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல டீச்சர் வந்தால் நன்றாயிருக்கும் என்றார். அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் வருகிறது, அதற்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். கீதாஞ்சலி வருகிறேன் என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை, சொன்னால் வர வேண்டாம் என்றுவிடுவார் என்று பயந்தாள்.

ஓனர் மணியன் அறுபது வயதுக்காரர். தோட்டத்தை விற்று நாலு மிஷினோடு ஆரம்பித்தவர் என்று ஊரில் சொல்வார்கள். ஏசி அறையிலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்காருகிற ஆள். அவருக்கு வலப்பக்கம், அவரை மாமா என்று கூப்பிடும் சொந்தக்காரர் சதீஷ்குமார். எதிரில் ரஸ்மிதா, சபித்ரி, கீதாஞ்சலி. கதவோரம் சுவரில் ஒட்டினாற்போல ஜெபக்குமார் நின்றார். தூத்துக்குடிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். விபத்து நடந்த அன்று ரஸ்மிதாவைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடியதும் அவர்தான்.

“கை எப்பிடிக் கண்ணு இருக்குது?” என்று மணியன் ரஸ்மிதாவைக் கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

சதீஷ்குமார் டைப் அடித்த தாளை எடுத்து வாசித்தார். ரஸ்மிதாவே சொல்வதுபோல எழுதியிருந்தது. “பணியின்போது ‘தைத்து முடியவில்லை’ என்று, அதாவது கொடுத்த வேலை இன்னும் முடியவில்லை என்று மேற்பார்வையாளரிடம் கூறினேன். உடல்நலக் குறைவு பற்றி எதுவும் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் ஓய்வு எடுத்திருக்க முடியும். என் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.”

தாளைக் கீதாஞ்சலி பக்கம் நகர்த்தினார். “இதை அந்தப் புள்ளைக்குச் சொல்லிப்போடுங்க டீச்சர். கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுங்க.”

கீதாஞ்சலி தாளைத் தொடவில்லை. “இதுல இருக்கறது பொய்யிங்க.”

“என்னங்க பொய்யி? அவ சொன்ன வார்த்தையத்தான எழுதியிருக்குது. ஜெபக்குமார்கிட்டக் கேளுங்க.”

“வார்த்தை அவளோடது. அர்த்தம் உங்களோடது.” அவள் சதீஷ்குமாரை நேராகப் பார்த்தாள். “தைக்க முடியலன்னுதான் அவ சொன்னா. அவங்க பாஷையில அது ‘தைச்சு’ன்னுதான் வரும். இது உங்களுக்குத் தெரியும். நான் போர்டுல எழுதிக் காட்டினேன். நீங்க டீ குடிச்சுட்டே பாத்தீங்க.”

மணியன் சதீஷ்குமாரைப் பார்த்தார். சதீஷ்குமார் சிரிக்க முயன்றார். “இப்ப வந்து அவ மனசுல இப்பிடி நெனச்சா, அப்பிடி நெனச்சான்னு சொன்னா எப்பிடிங்க? அதுக்கு என்ன அத்தாட்சி?”

மேஜையோரத்தில் சாம்பிள் துணிகள் அடங்கிய பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ரஸ்மிதாவோடு வந்து வாசலில் காத்திருந்த இரண்டு ஒடிசாப் பெண்களைக் கீதாஞ்சலி உள்ளே கூப்பிட்டாள். என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தியிடம் பெட்டியைக் காட்டி, தூக்கு என்று கை காட்டினாள். அவள் குனிந்து தூக்கிப் பார்த்தாள், பெட்டி அசையவில்லை. நிமிர்ந்து, கூச்சத்தோடு, “தூக்கி முடியல தீதி” என்றாள். இன்னொருத்தியும் முயன்று பார்த்துவிட்டு அதையே சொன்னாள்.

கீதாஞ்சலி கதவுப் பக்கம் திரும்பினாள்.

“ஜெபக்குமார் அண்ணா, இந்தப் பொண்ணு இப்ப என்ன சொன்னா?”

ஜெபக்குமார் பெட்டியைப் பார்த்தார். பிறகு ரஸ்மிதாவின் கட்டைப் பார்த்தார்.

“முதல் தடவை அவ வந்தப்ப…” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“ஜெபக்குமார், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார் சதீஷ்குமார்.

“கேட்டதுக்குத்தான் சார் சொல்லுதேன். முதல் தடவை அவ வந்தப்ப பண்டலோட கட்டே அவுக்கல. கட்டு அவுக்காத பண்டல வச்சிக்கிட்டு, தைச்சு முடியலன்னு யாராச்சும் வந்து சொல்வாங்களா? ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன முடியலன்னு வந்து நிக்கான்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா யோசிக்கல. டார்கெட் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. முடிச்சிட்டுப் போன்னு விரட்டிட்டேன்.” அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். “அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு. அதுல ரெண்டு எழுத்துதான் மாறிப்போச்சு. எனக்குத்தான் கண்ணு இல்லாம போச்சு. இதை எங்க கேட்டாலும் சொல்லுவேன்.”

சதீஷ்குமாரின் முகம் சிவந்தது. “நீங்க ஒரு சூப்பர்வைசரா இருந்துட்டு…”

“ஆமா சார். அதான் சொல்லுதேன்.”

சதீஷ்குமார் அவரை விட்டுவிட்டு ரஸ்மிதா பக்கம் திரும்பினார். தாளையும் பேனாவையும் அவளுக்கு முன்னால் வைத்தார். அவர் பேசியது சின்னப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல இருந்தது. “இதப் பாரு கண்ணு. யாரு என்ன சொன்னாலும் கம்பெனி உன்னக் கைவிடாது. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடோணும். சரியா?”

‘போடோணும்’ அவளுக்குப் புரிந்தது. வகுப்பில் முதலில் படித்ததே அதுதான். ரஸ்மிதா தாளைப் பார்த்தாள். தாளிலிருந்து அவர் முகத்துக்குக் கண்ணை உயர்த்தினாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள்.

“கையெழுத்து… போட… முடியாது.”

கீதாஞ்சலி அந்தச் சொல்லைக் கவனித்தாள். ‘போட்டு’ இல்லை. ‘போட’.

சதீஷ்குமார் அவளுடைய வலது கையைப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டவர்போலத் தலையாட்டினார். “ஆமா, கட்டுப் போட்டிருக்குது, போட முடியாதுதான். பரவால்ல. இடது கையில ரேகை வைக்கலாம்.” மேஜை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார்.

சபித்ரி ஒடியாவில் சொல்லுமுன்பே ரஸ்மிதாவுக்கு விளங்கிவிட்டது. அவள் எழுந்து நின்றாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“வைக்க முடியாது.”

“ஏங்கண்ணு, அந்தக் கை நல்லாத்தான இருக்குது?”

“கை நல்லா இருக்கு. வைக்க முடியாது.”

அப்போதுதான் சதீஷ்குமாருக்கு உறைத்தது. இயலாமையைச் சொல்கிற அதே சொல்லைத்தான் தமிழில் எதிர்த்து நிற்கிறவர்களும் சொல்வார்கள். இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்பதுபோல அவர் கீதாஞ்சலியை முறைத்தார். உண்மையில் அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. லைனில் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறவர்களிடமிருந்து ரஸ்மிதா தானாகக் கற்றுக்கொண்டது அது.

மணியன் கை நீட்டித் தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இது வேண்டாஞ் சதீசு. நடந்ததை நடந்தபடி எழுதிக் குடு. காய்ச்சல்ல தைக்க முடியலன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குது, நமக்குப் புரியல. அப்பிடியே எழுது.”

“ஆடிட்ல கேள்வி வருங்க மாமா.”

“வரட்டும். இனிமே என்ன பண்ணப்போறோம்னு கேப்பான். அதுக்கொரு வழி சொல்லு.”

சதீஷ்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்கும் யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார். எல்லா லைனிலும் ஒரு போர்டு வைக்கலாமாம். போனில் டைப் பண்ணி வைத்திருந்ததை வாசித்தார். “உடல்நிலை சரியில்லை எனத் தெரிவிக்கும் தொழிலாளரை மேற்பார்வையாளர் ஓய்வுக்கு அனுப்பலாம்.”

“அனுப்ப வேண்டும்” என்றாள் கீதாஞ்சலி.

“ரெண்டும் ஒண்ணுதானுங்க டீச்சர்.”

“ஒண்ணு இல்லீங்க. அனுப்பலாம்னா அது அவர் இஷ்டம். அனுப்பினாலும் சரி, அனுப்பாட்டியும் சரி.”

“எல்லாத்துக்கும் வேண்டும் வேண்டும்னு போட்டா ஆளாளுக்கு வயித்துவலின்னு போயிருவாங்க. லைன் ஓடோணுமுங்க. கொஞ்சம் நெகிழ்வு இருக்கோணும்.” அவர் மணியனைப் பார்த்தார். மணியனுக்கும் அது நியாயமாகப் பட்டதுபோல இருந்தது. தாடையைச் சொறிந்துகொண்டார்.

“லாம்னே இருக்கட்டுமே அம்மணி. நம்ம சூப்பர்வைசருங்க என்ன, மனசாட்சி இல்லாதவங்களா?”

கதவோரத்திலிருந்து ஜெபக்குமார் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“அய்யா, நான் சொல்லலாமா?”

“சொல்லு.”

“லாம்னு போட்டா நான் அனுப்ப மாட்டேன்யா. மனசாட்சி இருந்தாலும் அனுப்ப மாட்டேன். சாயந்தரம் பீஸ் குறைஞ்சா இவரு என்னத்தான் கூப்பிடுவாரு. அனுப்பலாம்னுதான போட்டிருக்கு, அனுப்பியே ஆகணும்னு யாரு சொன்னாங்கன்னு கேப்பாரு. நான் என்ன பதில் சொல்ல? எனக்கும் ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க.” அவர் குரலில் கோபம் ஏறியது. “வேண்டும்னு போடுங்க. போர்டுல அப்பிடி இருந்தாத்தான் என்னால அனுப்ப முடியும். இல்லன்னா இன்னொரு விரலுக்கும் நான்தான் பதில் சொல்லணும். என்னால முடியாதுய்யா.”

மணியன் எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைத் தேடிக் கால் நீட்டியபடியே, “வேண்டும்னே எழுது” என்றார். “டீச்சர்கிட்டக் காமிச்சுட்டு அடி. ஒடியாவுலயும் அடி.”

போர்டு வந்தது. அனுப்ப வேண்டும் என்றே வந்தது. விபத்து அறிக்கையும் நடந்தபடி போனது. ஆடிட்டுக்கு வந்தவர்கள் ரஸ்மிதாவிடம் பேசினார்கள், ஆறுதல் சொன்னார்கள், போனார்கள். அவள் விரல் டாக்டர் சொன்னபடியே மடங்கவில்லை. மிஷினில் இனி உட்கார வைக்க முடியாது என்று செக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றபடி, தைத்து வந்த பீஸ்களில் குறை பார்க்கும் வேலை. டெய்லராக வேண்டும் என்றுதான் அவள் ஊரைவிட்டு வந்திருந்தாள்.

சதீஷ்குமார் அதே நாற்காலியில்தான் இருந்தார். கீதாஞ்சலியின் வகுப்பை அவர் நிறுத்தவில்லை. கேன்டீனில் பெயிண்ட் வேலை நடக்கிறது, ஆர்டர் நெருக்கடி என்று தள்ளிவைத்தார். எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம் என்று அவள் கேட்டபோது, “பாக்கலாங்க டீச்சர்” என்றார். அடுத்த முறை கேட்டபோதும் பாக்கலாங்க என்றார். அந்த லாமுக்கு என்ன அர்த்தம் என்று கீதாஞ்சலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு, சமையலறை மேடையில் கையை ஓங்கி அறைந்தாள். கை வலித்ததுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெண்களின் அறைகளுக்கு முன்னால் துணி காயப்போடும் இடத்தில் அவள் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. முதலில் சபித்ரி வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அந்த வாரம்தான் ரயிலில் வந்து இறங்கிய புதுப் பெண்களும் இருந்தார்கள். ரஸ்மிதா மட்டும் வாசற்படியிலேயே கதவில் சாய்ந்து நின்றாள். அவள் கீதாஞ்சலியோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்து, கீதாஞ்சலியும் வற்புறுத்தவில்லை.

சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, முடியும் என்ற சொல்லிலிருந்தே ஆரம்பித்தாள். வாயால் சொல்ல வைத்தாள். புதுப் பெண் ஒருத்தியிடம், நாளைக்கு வேலைக்கு உன்னால் வர இயலாது, சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வாய் என்று சபித்ரி மூலம் கேட்டாள்.

“நாளைக்கு வந்து முடியாது” என்றாள் அந்தப் பெண்.

கீதாஞ்சலி திருத்த வாயெடுத்தாள். அதற்குள் வாசற்படியிலிருந்து ரஸ்மிதா இறங்கி வந்தாள். கட்டுப் பிரித்த கை வெளிறிப்போய், ஆள்காட்டி விரல் குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்தது. புதுப் பெண்ணின் முகத்துக்கு நேரே அந்தக் கையை நீட்டினாள். அவள் மிரண்டு பின்னால் நகர்ந்தாள்.

“வந்து இல்ல,” என்றாள் ரஸ்மிதா. குரல் கடுமையாக இருந்தது. “வர. வர முடியாது. இன்னொரு தடவ சொல்லு.”